மழையா, கீறலா?

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பழைய படம் போட்டால், முதல் ரீல் முடிவதற்குள் யாராவது ஒருவர் "என்னப்பா, மழை பெய்யுது!" என்று குரல் கொடுப்பார். திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்த பிரிண்ட். புரொஜெக்டரின் உருளைகளும் தூசியும் சேர்ந்து ஃபிலிமில் போட்ட கீறல்கள்தான் அந்த மழை. வெயில் காட்சியிலும் பெய்யும், வீட்டுக்குள்ளும் பெய்யும். பழகிப்போய்விட்டதால் நாங்கள் குடை இல்லாமலே படம் பார்த்தோம்.

இப்போது அதே பழைய படங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் போட்டு, அந்த மழையைத் துடைத்து எடுக்கிறார்கள். ஆனால் படத்துக்குள்ளேயே நிஜ மழை பெய்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் பெய்கிறதே, அந்த மழை. குளத்தின் மேல் பூச்சிகள் ஓடுகின்றன, தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரின் வழுக்கைத் தலையில் முதல் துளி விழுகிறது, பிறகு துர்கா நனைந்து ஆடுகிறாள். அந்தப் படம் செப்பனிடப்பட்ட கதை, ஃபிலிமில் எது அழுக்கு, எது படம் என்ற கேள்விக்குள் நேராகக் கொண்டுபோய் விடுகிறது.

1955, 1956, 1959 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' மூன்றையும் சேர்த்து அபு முப்படம் என்பார்கள். 1992இல் ராய்க்கு ஆஸ்கர் அகாடமி கௌரவ விருது கொடுத்தது. சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார். அதன் பின் அவருடைய படங்களைப் பாதுகாக்கும் முயற்சியில் மூல நெகட்டிவ்கள் லண்டனுக்குப் போயின. 1993 ஜூலையில் அங்கே ஹெண்டர்சன் ஃபிலிம் லேபில் பெரும் தீ. ராயின் பல படங்களின் நெகட்டிவ்கள் எரிந்தன. எரிந்து மிஞ்சியதை எந்த லேபாலும் பிரிண்ட் எடுக்க முடியாது என்று தெரிந்தும், அகாடமியின் ஃபிலிம் காப்பகம் அதைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்தது. இருபது ஆண்டுகள் அந்த டப்பாக்கள் அப்படியே இருந்தன.

2013இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமி காப்பகமும் சேர்ந்து அவற்றைத் திறந்தன. இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள 'லிம்மாஜினே ரித்ரோவாத்தா' என்ற லேபுக்கு நெகட்டிவ்கள் அனுப்பப்பட்டன. அங்கே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கையால் வேலை நடந்தது. சூட்டில் காய்ந்து முறுகிய ஃபிலிம் வளைத்தால் அப்பளம்போல ஒடியும். அதற்கு மறுபடி ஈரம் ஏற்றி நெகிழ வைத்தார்கள். உருகி ஒட்டிய டேப்பையும் பசையையும் சுரண்டி எடுத்தார்கள். ஓரங்களில் பிய்ந்துபோன துளைகளுக்குப் புதிய ஓரம் வைத்து ஒட்டினார்கள். அதன் பிறகுதான் ஸ்கேனரில் ஏற்ற முடிந்தது. பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. அபுர் சன்சாரில் தப்பிய இரண்டு ரீல்களும் பயன்படுத்த முடியாத நிலை. அந்தப் படம் முழுவதையும், மற்ற இரண்டின் மீதிப் பகுதிகளையும் வேறு காப்பகங்களில் இருந்த நகல்களிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்கேன் முடிந்ததோடு செய்தித்தாள்களின் ஆர்வம் முடிந்துவிடும். என் ஆர்வம் அங்கேதான் தொடங்குகிறது.

பதேர் பாஞ்சாலி ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 1,70,000க்கு மேல் ஃபிரேம்கள். 4கே அளவில் முழு ஃபிரேமையும் ஸ்கேன் செய்தால் ஒரு ஃபிரேம் சுமார் 50 மெகாபைட் பிடிக்கும். படம் முழுவதும் எட்டு ஒன்பது டெராபைட். இத்தனையும் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்ததும் ஒரு ஃபிரேமைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முகமோ மரமோ இல்லை. ரவையைக் கொட்டிப் பரப்பியதுபோல ஒரு சொரசொரப்பு. லேப்காரர்கள் அதைக் கிரெயின் என்பார்கள்.

கிரெயின் என்பது படத்தின் மேல் படிந்த ஏதோ ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாசலில் போட்ட கோலத்தைக் குனிந்து பாருங்கள். தூரத்திலிருந்து கோடாகத் தெரிவது, கிட்டே போனால் பொடி. பொடிக்கு அடியில் தனியாக ஒரு கோடு ஒளிந்திருக்கவில்லை. கருப்பு வெள்ளை ஃபிலிமும் அப்படித்தான். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். வெளிச்சம் பட்ட படிகங்கள் லேபில் கழுவும்போது உலோக வெள்ளியாக மாறும், படாதவை கரைந்து போய்விடும். மிஞ்சிய வெள்ளித் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி நிற்கும் கூட்டமே கிரெயினாகத் தெரிகிறது. துர்காவின் முகமும் கூந்தலும் அந்த வெள்ளிப் பொடியால் போட்ட கோலம்.

இன்னொரு விஷயம். அடுத்த ஃபிரேம் வேறொரு ஃபிலிம் துண்டு. அதில் படிகங்கள் வேறு இடங்களில் சிதறியிருக்கும். ஆகவே அசையாத ஒரு சுவரைப் படம் பிடித்தாலும் கிரெயின் மட்டும் நொடிக்கு 24 தடவை இடம் மாறும். ஒரு ஃபிரேமில் விட்டுப்போன நுணுக்கம் அடுத்ததில் பிடிபடும். ஓடும்போது நம் கண் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறது. அதனால்தான் நிறுத்தி வைத்த ஒரு ஃபிரேமைவிட ஓடும் படம் தெளிவாகத் தெரிகிறது. இந்த இடம் மாறும் குணம்தான் செப்பனிடுகிறவருக்குத் தலைவலி. எப்படி என்று சொல்கிறேன்.

தூசியை நீக்கும் மென்பொருள் வேலை செய்யும் முறை எளிமையானது. மூன்று ஃபிரேம்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும். நடுவில் இருப்பதில் ஒரு புள்ளி இருக்கிறது. முன்னதிலும் பின்னதிலும் அதே இடத்தில் இல்லை. ஒரே ஒரு ஃபிரேமில், அதாவது 24இல் ஒரு பங்கு நொடி மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் பொருள் உலகத்தில் இருக்காது. ஆகவே அது தூசி, எடுத்துவிடு. கேமராவோ ஆளோ நகர்ந்தால் என்ன செய்வது? எது எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று முதலில் கணக்கிட்டு, அந்த நகர்வைச் சேர்த்துக்கொண்டு ஒப்பிடும். துர்காவின் கை இடமிருந்து வலம் போனால், அந்தக் கையைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும். நல்ல தர்க்கம்தான். பெரும்பாலான ஷாட்களில் சரியாகவே வேலை செய்யும்.

இந்தத் தர்க்கத்தோடு மழைக் காட்சிக்குள் போங்கள். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு சுமார் 8 மீட்டர் வேகத்தில் விழும். ஒரு ஃபிரேமுக்குக் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பொதுவாக 48இல் ஒரு பங்கு நொடி. அந்த நேரத்துக்குள் துளி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் விழுந்துவிடும். ஃபிலிமில் அது ஒரு வெள்ளைக் கோடாகப் பதியும். அடுத்த ஃபிரேம் பதியும்போது அந்தத் துளி ஒரு அடிக்கு மேல் நகர்ந்திருக்கும் அல்லது தரையில் சிதறியிருக்கும். அதே இடத்தில் வேறொரு துளிகூட இருக்காது. மென்பொருளின் கண்ணுக்கு இது ஒரு ஃபிரேமில் மட்டும் வந்து மறைந்த வெள்ளைக் கோடு. தூசி என்று முடிவு செய்து எடுத்துவிடும். மழைக் காட்சியில் மழை நின்றுவிடும், துர்கா காய்ந்த வானத்துக்கு அடியில் நனைந்துகொண்டிருப்பாள்.

குளத்தின் மேல் ஓடும் பூச்சிகளுக்கும் இதே ஆபத்து. ஒரு பூச்சி திரையில் சில புள்ளி அளவே இருக்கும். திடீரென்று திசை மாறி ஓடினால் நகர்வுக் கணக்கு தப்பிவிடும். கணக்கு தப்பினால் பூச்சியும் தூசிதான். ஆனால் துளி விழுந்து நீரில் எழும் வளையம் பெரும்பாலும் தப்பிவிடும். முதல் ஃபிரேமில் சின்னதாக இருப்பது அடுத்ததில் விரிந்து தொடர்கிறதல்லவா! இப்படி வளையம் இருந்து துளியும் பூச்சியும் காணாமல் போனால் அந்த ஷாட்டின் உயிர் போய்விடும். நம் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டால், பழைய புராணப் படங்களில் பறக்கும் அம்பும், நடனக் காட்சிகளில் ஜிமிக்கியின் மினுக்கும், வாள் சண்டையில் தெறிக்கும் பொறியும் இதே மாதிரி காணாமல் போகக்கூடியவை.

டூரிங் டாக்கீஸ் மழை, அதாவது நிஜமான கீறல், இதற்கு நேர்மாறு. ஃபிலிம் ஓடும் பாதையில் ஒரு மண் துகள் சிக்கினால் அது ஒரே இடத்தில் நின்று நூற்றுக்கணக்கான ஃபிரேம்களைக் கிழித்துக்கொண்டே போகும். திரையில் அந்தக் கோடு லேசாக ஆடுமே தவிர, தன் இடத்தை விடாது. ஆகவே மழையையும் கீறலையும் பிரித்தறிய மனிதக் கண்ணுக்கு ஒரு கணம் போதும்: இடம் மாறினால் மழை, ஒரே இடத்தில் நின்றால் கீறல். தூசி தேடும் மென்பொருளுக்கோ மழைதான் குற்றவாளி. கீறல் மூன்று ஃபிரேமிலும் இருப்பதால் தூணோ கம்பமோ என்று விட்டுவிடும். அதற்குத் தனியாக வேறு கருவி வேண்டும்.

கிரெயினுக்கு வருகிறேன். கிரெயினும் ஒரு ஃபிரேமில் வந்து மறைகிற புள்ளிதானே? ஆம். மென்பொருளின் கணக்கில் கிரெயின் என்பது மிகச் சின்னத் தூசி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவிலும் அடர்த்தியிலும் மட்டுமே. கருவியில் 'எவ்வளவு சின்னதைப் பிடிக்கலாம்' என்று ஒரு அளவு வைப்பார்கள். அதைத் தாழ்த்தினால் பெரிய தூசி மட்டும் போகும், பொடித் தூசி தங்கிவிடும். உயர்த்தினால் பொடித் தூசி போகும்; கூடவே கிரெயினும் கொத்துக் கொத்தாகப் போகும். இரவு ஷிஃப்டில் வேலையை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் திருகுவார் என்று சொல்லத் தேவையில்லை.

வண்ணப் படமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. வண்ண ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி முழுவதும் வெளியேறி, சாயம் மட்டும் மிஞ்சும். அகச்சிவப்புக் கதிர் அந்தச் சாயத்தை ஊடுருவிப் போய்விடும். தூசியையும் ஆழமான கீறலையும் மட்டும் தாண்டாது. ஸ்கேன் செய்யும்போதே அகச்சிவப்பில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் எங்கெங்கே அழுக்கு என்று வரைபடம் கிடைத்துவிடும். கருப்பு வெள்ளையில் இது பலிக்காது. வெள்ளியே அகச்சிவப்பையும் மறைக்கும். முழுப் படமும் அழுக்காகத் தெரியும்.

கருப்பு வெள்ளைக்கும் உதவுகிற பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. கீறல் ஃபிலிமின் பின்பக்கம், வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் மட்டும் விழுந்திருந்தால், அங்கே படத்துக்குச் சேதம் இல்லை. கீறலின் பள்ளத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் கோடு தெரிகிறது. ஏறக்குறைய பிளாஸ்டிக்கைப் போலவே வெளிச்சத்தை வளைக்கிற ஒரு திரவத்தில் ஃபிலிமை நனைத்தபடி ஸ்கேன் செய்தால், திரவம் பள்ளத்தை நிரப்பிக் கோடு மறைந்துவிடும். ஈரமான கண்ணாடித் தரையில் கீறல் தெரியாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கிரெயினுக்கு ஒரு பாதிப்பும் இல்லை, ஒரு ஃபிரேமையும் கம்ப்யூட்டர் தொட வேண்டியதில்லை. ஆனால் கீறல் முன்பக்கம், வெள்ளி இருக்கும் பூச்சிலேயே விழுந்திருந்தால், அங்கே படமே சுரண்டப்பட்டுவிட்டது. நிரப்ப ஒன்றும் இல்லை. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டத்தான் வேண்டும்.

ஒட்டுவதில் உள்ள கைத்திறனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்கு முந்தைய ஒரு ஷாட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நொடி, 120 ஃபிரேம். 57ஆவது ஃபிரேமில் வானத்தில் மிளகு அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. நெகட்டிவில் தூசி ஒட்டினால் அந்த இடத்தில் வெளிச்சம் தடுக்கப்பட்டு, படமாக மாற்றும்போது வெள்ளையாக வரும். பிரிண்டில் ஒட்டியிருந்தால் கருப்பாக வரும். நிறத்தை வைத்தே தூசி எந்தத் தலைமுறையில் ஒட்டியது என்று சொல்லிவிடலாம். இந்தப் புள்ளியை மூட 56இலிருந்தோ 58இலிருந்தோ அதே வானத் துண்டை எடுத்து ஒட்ட வேண்டும். பல மென்பொருள்கள் இரண்டையும் எடுத்துச் சராசரி போடும், அதுவே நியாயம் என்று தோன்றும். ஆனால் ஒழுங்கில்லாத இரண்டு கிரெயின் பரப்புகளைச் சராசரி போட்டால் கிரெயினின் வீரியம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ரவைக்கு நடுவே ஒரு சொட்டு மெழுகு விழுந்த மாதிரி வழவழப்பான ஒரு வட்டம் அங்கே நிற்கும். ஓடும்போது 'பளிச்' என்று ஒரு மின்னல். தூசியை எடுத்துவிட்டு அதன் தழும்பை விட்டுவைத்த கதை. அதனால் பழகிய கை ஒரே ஃபிரேமிலிருந்து, கிரெயினோடு சேர்த்து, அப்படியே எடுத்து ஒட்டும். அந்தக் கிரெயின் வேறு ஃபிரேமுடையது என்பது யாருக்கும் தெரியாது, கிரெயின்தான் ஒழுங்கில்லாததாயிற்றே.

கீறல் கோட்டில் இந்த வித்தை செல்லாது. பக்கத்து ஃபிரேம்களிலும் அதே இடத்தில் அதே கோடு. கோட்டின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பார்த்து நடுவே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்ப வேண்டும். ஊகித்து நிரப்பிய பட்டையில் கிரெயின் இருக்காது. சொரசொரப்பான திரையில் மேலிருந்து கீழாக இஸ்திரி போட்ட ஒரு கோடு. ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால் தெரியவே தெரியாது, ஓடவிட்டால் உடனே தெரியும். சுற்றிலும் எல்லாம் கொதித்துக்கொண்டிருக்க, அந்தப் பட்டை மட்டும் செத்துக் கிடக்கும். எனவே பக்கத்தில், அதே அளவு வெளிச்சம் உள்ள ஒரு பரப்பிலிருந்து கிரெயினை மட்டும் பிரித்தெடுத்து அந்தப் பட்டையின் மேல் போட வேண்டும். வெளிச்சம் பொருந்துவது முக்கியம். நடுத்தரச் சாம்பல் பரப்புகளில் கிரெயின் எடுப்பாகத் தெரியும், ஆழ்ந்த கருப்பிலும் பளீர் வெள்ளையிலும் அடங்கிவிடும். வானத்தின் கிரெயினைக் கூந்தலில் போட்டால் கூந்தல் நரைத்ததுபோல ஆகிவிடும்.

அடுத்த சிக்கல் அபு படங்களுக்கே உரியது: பாதி மூல நெகட்டிவ், பாதி நகல். மூலத்திலிருந்து ஒரு பாஸிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ் என்று நகல் எடுக்கும்போது, ஒவ்வொரு தலைமுறையிலும் புது ஃபிலிமின் கிரெயின் பழையதன் மேல் ஏறும்; கூர்மையும் கொஞ்சம் குறையும். இதற்கென்றே மிக நுண்ணிய கிரெயின் கொண்ட ஃபிலிம் தயாரிக்கப்பட்டது. நல்ல காப்பகங்களில் இருக்கும் 'ஃபைன் கிரெயின் மாஸ்டர்' அப்படிப்பட்ட நகல். அப்படியும் வித்தியாசம் முழுவதும் போகாது. ஒரு காட்சியில் அம்மாவின் முகம் மூலத்திலிருந்தும், அதற்குப் பதில் சொல்லும் மகளின் முகம் நகலிலிருந்தும் வந்தால், வெட்டுக்கு வெட்டு படத்தின் தோலே மாறும். முன்னது மெல்லிய பருத்தி, பின்னது கோணி.

இங்கேதான் கிரெயினைக் குறைக்கும் கருவிக்கு நியாயமான இடம் இருக்கிறது. நகல் பகுதியில் கூடுதலாக ஏறியிருப்பது படம் எடுத்தவர்கள் போட்ட கிரெயின் இல்லை, நகல் எடுத்த லேபினுடையது. அந்த அளவுக்கு மட்டும் குறைத்து, மூலத்தின் பக்கத்தில் வைத்தால் உறுத்தாத அளவில் நிறுத்திக்கொள்ளலாம். எவ்வளவு என்பதை எண் சொல்லாது. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கச் சபலமும் உண்டு: நகலோடு சேர்வதற்காக, அருமையான மூலப் பகுதியை மங்கலாக்குவது. எரிந்த ரீலை ஆயிரம் மணி நேரம் தடவிக் கொடுத்து மீட்டது அதற்காக இல்லை. வித்தியாசம் கொஞ்சம் தெரிந்தாலும் மூலத்தை விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி. ஃபேட், டிசால்வ் போன்ற காட்சி மாற்றங்கள் அந்தக் காலத்திலேயே நகல் எடுத்துச் செய்யப்பட்டவை. அங்கே கிரெயின் திடீரென்று தடிப்பது 1955 பார்வையாளரும் பார்த்ததுதான். அதைத் திருத்துவது வரலாற்றைத் திருத்துவது.

கிரெயின் முழுவதையும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1987இல் வந்த அர்னால்டின் 'பிரிடேட்டர்' காட்டுக்குள் எடுக்கப்பட்ட, கிரெயின் தூக்கலான படம். 2010இல் அதை மறுபடி ப்ளூ-ரேயில் வெளியிட்டபோது கிரெயினைத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். வியர்வையும் சேறும் பூசிய படைவீரர்கள் அருங்காட்சியக மெழுகுப் பொம்மைகளாக வந்து நின்றார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், செய்யக்கூடாததற்கு உதாரணமாக இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். முகம் ஏன் முதலில் அடிபடுகிறது என்றால், தோலின் துளையும் மெல்லிய முடியும் கிரெயினும் ஏறக்குறைய ஒரே அளவு. கிரெயினைக் கூட்டித் தள்ளுகிற துடைப்பம் தோலையும் கூட்டித் தள்ளிவிடும்.

இதைச் செய்பவர்கள் எல்லாரையும் அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கிரெயினுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததில் பழைய ஸ்கேனர்களுக்கும் பங்குண்டு. குறைந்த நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தால், ஸ்கேனரின் ஒரு கட்டத்தைவிடக் கிரெயின் சிறியதாக இருக்கும். அப்போது அது சரியாகப் பதியாமல், ஒன்றோடொன்று மோதி, ஃபிலிமில் இல்லாத தடித்த போலிக் கிரெயினாகத் திரளும். பழைய டிவிடிகளிலும் ஆரம்ப கால எச்.டி. பிரதிகளிலும் நாம் பார்த்து முகம் சுளித்த 'புள்ளி புள்ளி' பெரும்பாலும் அதுதான். அதே ரீலை 4கேயில் ஸ்கேன் செய்தால் கிரெயின் மென்மையாகவும் நுண்மையாகவும் வருகிறது.

வேலை ஒழுங்காக நடந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஸ்கேன் செய்த ஃபிரேமிலிருந்து செப்பனிட்ட ஃபிரேமைக் கழித்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கருப்பாகிவிடும், மாறிய இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நல்ல வேலை என்றால் கருப்புப் பரப்பில் அங்கங்கே தூசிப் புள்ளிகளும் கீறல் கோடுகளும் மட்டும் நட்சத்திரம்போலக் கிடக்கும். திரை முழுக்க ரவை தெரிந்தால், கிரெயின் கூட்டித் தள்ளப்பட்டிருக்கிறது. அந்த ரவைக்கு நடுவே ஒரு முகத்தின் கோட்டுருவம் தெரிந்தால், கிரெயினோடு முகமும் போயிருக்கிறது. சாய்ந்த சாய்ந்த மழைக்கோடுகள் தெரிந்தால்? மென்பொருள் மழையைத் தின்றுவிட்டது. அந்த ஷாட்டை மறுபடி திறந்து, தானியங்கியை நிறுத்தி, 120 ஃபிரேமையும் ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டியதுதான்.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. ஜி. அரவிந்தனின் 'தம்பு' என்ற 1978ஆம் ஆண்டு மலையாளப் படத்துக்கு மூல நெகட்டிவே மிஞ்சவில்லை. கிடைத்த பிரதிகளைக் கொண்டு சென்னை பிரசாத் நிறுவனத்திலும் அதே போலோன்யா லேபிலுமாக அதைச் செப்பனிட்டு, 2022இல் கான் விழாவில் காட்டினார்கள். மூலம் இல்லாதபோது செப்பனிடுகிறவருக்குச் சாய்ந்துகொள்ளச் சுவரே இல்லை. நகலின் கிரெயினில் எது படம் எடுத்தபோது வந்தது, எது நகல் எடுத்தபோது ஏறியது என்று பிரித்துச் சொல்ல ஒப்பிடும் பொருள் கையில் கிடையாது. அங்கே குறைவாகத் தொடுவதே பாதுகாப்பு. தவறியவருக்கும் ஒரு மறுவாய்ப்பு உண்டு: தொடாத ஸ்கேன் கோப்புகளை அப்படியே காப்பகத்தில் வைத்துவிட்டால், பின்னால் வருகிறவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கலாம். செப்பனிட்ட பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கேனை அழித்துவிட்ட இடங்களில் அந்த வழியும் அடைபட்டுப்போகிறது.

இத்தனையும் தாண்டி, கிரெயினோடு பத்திரமாக வெளிவந்த படம் நம் வீட்டுக்கு வரும் வழியில் இன்னும் இரண்டு கண்டங்கள் இருக்கின்றன. முதலாவது இணைய ஒளிபரப்பு. முந்தைய ஃபிரேமில் இருந்தது இதிலும் இருந்தால் அதை மறுபடி அனுப்பாமல் மிச்சம் பிடிப்பதுதான் வீடியோ சுருக்கத்தின் அடிப்படை. கிரெயினோ ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது, மிச்சம் பிடிக்க விடாது. டேட்டா குறைவான இணைப்பில் அது நசுங்கிக் கட்டம் கட்டமாகத் திரளும். ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில், கிரெயினை எடுத்துவிட்டு அதன் குணத்தை மட்டும் எண்களாகக் குறித்து அனுப்பி, பார்ப்பவரின் கருவியில் அதே மாதிரி கிரெயினைப் புதிதாகத் தூவும் வசதி இருக்கிறது. வருவது போலிக் கிரெயின்தான். நசுங்கிய கட்டங்களைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது கண்டம் உங்கள் டிவி. பெரும்பாலான டிவிகள் கடையிலிருந்து வரும்போதே படத்தை வழவழப்பாக்கும் வசதி இயங்கும் நிலையில் வருகின்றன. பட அமைப்பு மெனுவுக்குள் போய் Noise Reduction என்று இருப்பதை Off செய்யுங்கள். Sharpness அளவையும் குறைத்து வையுங்கள். சில டிவிகளில் Filmmaker Mode என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் இவையெல்லாம் ஒரே அழுத்தில் அணைந்துவிடும். பிறகு பதேர் பாஞ்சாலியின் மழைக் காட்சியைப் போட்டு, குளத்தின் மேல் ஓடும் பூச்சிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.